பி-மரத்தின் ஓர்டரைப் பக்க அளவிலிருந்தும் சாவியின் அளவிலிருந்தும் கணக்கிடுவது எப்படி?

பி-மரத்தை முதன்முதலாகப் படிப்பவர்கள் கரும்பலகையில் காண்பவை ஓர்டர் 3, 4 அல்லது 5 கொண்ட சிறிய மரங்களே. ஒரு கணு நிரம்பினால் அது எப்படிப் பிளக்கும், நடுச்சாவி எப்படி மேலே ஏறும் என்பவற்றைக் கையால் வரைந்து காட்டுவதற்கு அந்த அளவே வசதியானது. ஆனால் அதே மாணவர் உண்மையான கோப்பு ஒன்றுக்கு இன்டெக்ஸ் எழுத உட்காரும்போது, நிரலின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார். `#define M` என்று எழுதியாயிற்று. அதற்கு அடுத்து என்ன எண்ணை இடுவது? கொழும்பில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலானோர் 100 என்று இடுவார்கள். கணினி இரண்டின் அடுக்குகளை விரும்பும் என்று எங்கோ கேட்டிருப்பவர்கள் 256 என்று இடுவார்கள். இரண்டுமே ஊகங்கள்; ஊகிக்க வேண்டிய தேவையும் இங்கே இல்லை. ஓர்டர் என்பது நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் எண் அன்று. டிஸ்க்கின் பக்க அளவும் சாவியின் அளவும் முடிவாகிவிட்டால், ஓர்டர் ஒரு வகுத்தல் கணக்கின் விடையாகத் தானே வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் ஓர்டர் என்பது ஒரு கணுவுக்கு இருக்கக்கூடிய பிள்ளைகளின் அதிகபட்ச எண்ணிக்கையைக் குறிக்கும். அதை m என்று எழுதுவோம். m பிள்ளைகள் இருந்தால் அவற்றைப் பிரித்துக் காட்ட m − 1 சாவிகள் போதும். வேரைத் தவிர்ந்த எந்தக் கணுவும் பாதிக்குக் குறையாமல் நிரம்பியிருக்க வேண்டும். அதாவது இலையல்லாத ஒரு கணுவுக்கு m-இன் பாதிக்குக் குறையாத பிள்ளைகள் இருக்க வேண்டும். எல்லா நூல்களும் இதே அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பி-மரத்தை உருவாக்கிய பேயரும் மெக்கிரைட்டும் 1972 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒரு கணுவிலுள்ள சாவிகள் k-க்குக் குறையாமலும் 2k-ஐ மிஞ்சாமலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எண்ணினார்கள். ஆகவே வேறொரு நூலிலிருந்து ஒரு சூத்திரத்தை எடுப்பதற்கு முன், அது எதை எண்ணுகிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இனி, பக்கம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பார்ப்போம். டிஸ்க்கிலிருந்து ஒரே ஒரு பைட் வேண்டுமென்று நிரல் கேட்டாலும், கணினி அந்த ஒரு பைட்டை மட்டும் கொண்டுவருவதில்லை. அது அடங்கியுள்ள பக்கம் முழுவதையும் கொண்டுவருகிறது. நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், தட்டு ஒருமுறை சுற்றிவர 8.33 மில்லிசெக்கன் ஆகும். நமக்கு வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் இதற்கு மேலதிகம். அந்த இடத்தை அடைந்த பிறகோ, வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படிக்கக்கூடிய வன்தட்டு 4096 பைட்டுகளை 0.03 மில்லிசெக்கனுக்குள் படித்துவிடும். தெஹிவளையிலிருந்து பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிறவருக்குப் பயணம்தான் செலவு. கடையில் ஒரு பொருளை எடுப்பதற்கும் பை நிறைய எடுப்பதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்எஸ்டி வகையில் இந்தக் காத்திருப்பு மிகவும் குறைந்துவிட்டாலும், அங்கேயும் தரவு பக்கம் பக்கமாகவே வருகிறது. ஆகவே கணக்கின் அமைப்பு மாறாது.

இதிலிருந்து பி-மரத்தின் அடிப்படை விதி பிறக்கிறது: ஒரு கணு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், அந்தப் பக்கத்தை முடிந்தவரை நிரப்பவும் வேண்டும். கணு பக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், பயணச் செலவை முழுமையாகக் கொடுத்துவிட்டுப் பாதிப் பையுடன் திரும்புகிறோம். பக்கத்தைவிடப் பெரியதாக இருந்தால், ஒரு கணுவைப் படிக்கவே இரண்டு பக்கங்களைக் கேட்க வேண்டியதாகிறது.

பக்க அளவு என்ன என்பது நாம் எதன்மேல் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. சொந்தமாகக் கோப்பில் எழுதுவதானால் 4096 பைட் பாதுகாப்பான தொடக்கம். இன்று பெரும்பாலான கோப்பு முறைமைகளின் அலகு அதுவே. தரவுத்தள மென்பொருள்கள் தமக்கென ஓர் அளவை வைத்துள்ளன. எஸ்கியூலைட் 4096, போஸ்ட்கிரெஸ் 8192, மைஎஸ்கியூஎலின் இன்னோடிபி 16384 என்பவை அவற்றின் இயல்பு அளவுகள். உங்கள் கணினியில் உள்ளதைப் பின்வரும் கட்டளைகளால் அறியலாம். முதலாவது எஸ்கியூலைட்டுக்கும், இரண்டாவது போஸ்ட்கிரெஸுக்கும், மூன்றாவது மைஎஸ்கியூஎலுக்கும் உரியவை.

```sql
PRAGMA page_size;
SHOW block_size;
SHOW VARIABLES LIKE 'innodb_page_size';
```

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்ப்போம். கொட்டாஞ்சேனை, மருதானை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் கிளைகள் கொண்ட ஒரு மருத்துவ ஆய்வுகூடம் தன்னிடம் வந்துபோன 5 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்திருக்கிறது என்று கொள்வோம். இரத்தப் பரிசோதனைக்கு வருபவர் தேசிய அடையாள அட்டையை நீட்டினால், அந்த இலக்கத்தைக் கொண்டு அவருடைய பழைய பதிவை உடனே எடுக்க வேண்டும். ஆகவே அடையாள அட்டை இலக்கமே நமது சாவி. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் இது 12 இலக்கங்களைக் கொண்டது. அதற்கு முந்திய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அவற்றையும் புதிய முறைக்கு மாற்றி எழுதும் விதி இருப்பதால், ஒரே ஆள் இரண்டு சாவிகளில் பதிவாகாதபடி எல்லாவற்றையும் 12 இலக்க வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம். ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட் வீதம் எழுத்துகளாகச் சேமித்தால், சாவிக்கு 12 பைட்.

கணுவுக்குள் சாவியைத் தவிர வேறு என்ன இருக்கும்? ஒவ்வொரு சாவியோடும் அந்த நபரின் முழுப் பதிவு எங்கே கிடக்கிறது என்ற முகவரி வேண்டும். பதிவுக் கோப்பின் பக்க எண்ணுக்கு 4 பைட்டும் அந்தப் பக்கத்துக்குள் எத்தனையாவது இடம் என்பதற்கு 2 பைட்டுமாக அது 6 பைட். அடுத்து, ஒவ்வொரு பிள்ளைக் கணுவும் இன்டெக்ஸ் கோப்பின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற சுட்டி. பக்க எண்ணாகவே வைத்தால் 4 பைட் போதும். இங்கே பலர் நினைவகச் சுட்டியைப் போல 8 பைட் ஒதுக்குகிறார்கள். 4 பைட்டில் 400 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை எண்ணலாம். ஒரு பக்கம் 4096 பைட் என்றால் அது 16 டெராபைட் அளவுள்ள கோப்பு. ஓர் ஆய்வுகூடம் அதை எட்டப்போவதில்லை. கடைசியாக, இந்தக் கணு இலையா இல்லையா, இப்போது எத்தனை சாவிகள் உள்ளன, பக்கம் பழுதாகிவிட்டதா என்று சரிபார்க்கும் எண் என்ன என்பன போன்ற விபரங்களுக்காக, பக்கத்தின் தலைப்பகுதியில் 16 பைட் ஒதுக்குவோம்.

பக்க அளவை B, தலைப்பகுதியை H, சாவியை K, பதிவின் முகவரியை D, பிள்ளைச் சுட்டியை P என்று குறித்தால், m பிள்ளைச் சுட்டிகளும் m − 1 சாவி-முகவரி இணைகளும் தலைப்பகுதியும் சேர்ந்து பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

```
H + m·P + (m − 1)·(K + D) ≤ B

m ≤ (B − H + K + D) / (P + K + D)
```

மேல்வரிசையில் K + D மறுபடியும் கூட்டப்படுவதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். சாவிகள் பிள்ளைகளைவிட ஒன்று குறைவு என்பதால் மிஞ்சும் இடம் அது. நம் எண்களை இட்டால், மேலே 4096 − 16 + 12 + 6 = 4098; கீழே 4 + 12 + 6 = 22. வகுத்தால் 186.27. பின்னத்தை வெட்டிவிட, m = 186.

விடை வந்தவுடன் நின்றுவிடாமல், அதைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். 186 சுட்டிகளுக்கு 744 பைட், 185 இணைகளுக்கு 3330 பைட், தலைப்பகுதி 16 பைட், மொத்தம் 4090. பக்கத்தில் 6 பைட் மட்டுமே வீணாகிறது. 187 என்று வைத்தால் 748 + 3348 + 16 = 4112; பக்கத்தை 16 பைட் தாண்டிவிடுகிறது. எனவே 186 தான் எல்லை. இனி தொடக்கத்தில் பார்த்த ஊகங்களை இதே தராசில் வைப்போம். ஓர்டர் 100 என்றால் கணு 2198 பைட். பக்கத்தில் ஏறக்குறையப் பாதி எப்போதும் காலியாகவே கிடக்கும். ஓர்டர் 256 என்றால் 1024 + 4590 + 16 = 5630 பைட்; ஒவ்வொரு கணுவும் இரண்டு பக்கங்களில் உட்காரும், இரண்டாவது பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். நிரல் இரண்டு நிலையிலும் சரியான விடையையே தரும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பிழைச்செய்தி எதுவும் வராது. தேடல் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு மெதுவாக என்பதை மரத்தின் உயரம் சொல்லும். ஒரு சாவியைத் தேடும்போது வேரிலிருந்து இலை வரை ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு பக்கத்தைப் படிக்கிறோம். எல்லாக் கணுக்களும் முழுமையாக நிரம்பியிருந்தால் h மட்டங்கள் கொண்ட மரம் mʰ − 1 சாவிகளைத் தாங்கும். எல்லாக் கணுக்களும் விதி அனுமதிக்கும் அளவுக்கு வெறுமையாக இருந்தாலும், d என்பது m-இன் பாதி, பின்னம் வந்தால் அதற்கு அடுத்த முழு எண் என்றால், h மட்டங்கள் உருவாவதற்குக் குறைந்தது 2·dʰ⁻¹ − 1 சாவிகள் வேண்டும். இந்த இரண்டாவது எண்ணே நமக்கு உத்தரவாதம் தருவது. m = 186 என்றால் d = 93. இரண்டு மட்டங்களில் அதிகபட்சம் 34,595 சாவிகளே அடங்கும். ஆகவே 5 இலட்சத்துக்கு மூன்று மட்டங்கள் வேண்டும். நான்காவது மட்டம் தோன்றுவதற்கோ குறைந்தது 2 × 93³ − 1, அதாவது 16,08,713 சாவிகள் தேவை. எனவே நம் ஆய்வுகூடத்தின் மரம் எப்படி வளர்ந்தாலும் சரியாக மூன்று மட்டங்களிலேயே நிற்கும். வேர்ப் பக்கம் எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும் என்பதால், ஒருவரின் பதிவு கிடக்கும் முகவரியை எடுக்க டிஸ்க்கை இரண்டு முறை தொட்டால் போதும். ஓர்டர் 100 இல் d = 50; நான்காவது மட்டத்துக்கு 2,49,999 சாவிகளே போதும் என்பதால், 5 இலட்சத்தில் மூன்றா நான்கா என்பது சாவிகள் வந்து சேர்ந்த ஒழுங்கைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதுவரை சாவி 12 பைட் என்று வைத்திருந்தோம். ஓர்டரின் மீது நமக்கு உண்மையான கட்டுப்பாடு இருப்பது இந்த இடத்தில்தான். பக்க அளவை மென்பொருளும் சாதனமும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. சுட்டிகளும் ஓரளவுக்கு மேல் சுருங்கா. சாவி ஒன்றே நம் கையில் உள்ளது.

அடையாள அட்டையைக் கொண்டுவராதவர்களுக்காகப் பெயரைக் கொண்டும் தேட வேண்டும் என்று ஆய்வுகூடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் தமிழில் பதியப்பட்டுள்ளன. சிவசுப்பிரமணியம் என்ற பெயரை எடுங்கள். கண்ணுக்கு இது பத்து எழுத்து. ஆனால் யூனிகோடில் உயிர்மெய்யின் அடையாளங்களும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன: சி இரண்டு, வ ஒன்று, சு இரண்டு, ப் இரண்டு, பி இரண்டு, ர ஒன்று, ம ஒன்று, ணி இரண்டு, ய ஒன்று, ம் இரண்டு. மொத்தம் 16 குறிகள். UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவைப்படுவதால், இந்தப் பெயர் 48 பைட்டைப் பிடிக்கிறது. தந்தை பெயரும் சேர்ந்தால் எளிதில் நூறைத் தொடும். எனவே பெயருக்கு 120 பைட் ஒதுக்குவது மிகையன்று. ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து 40 பைட் ஒதுக்கியவர்கள், தமிழ்ப் பெயர் நடுவில் வெட்டுப்படுவதைக் கண்ட பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

இப்போது K = 120 என்று சூத்திரத்தில் இடுவோம். மேலே 4096 − 16 + 126 = 4206; கீழே 130. m = 32. அதே பக்கம், அதே சுட்டிகள், ஆனால் ஓர்டர் 186 இலிருந்து 32 ஆக வீழ்ந்துவிட்டது. d = 16. மூன்று மட்டங்களில் அதிகபட்சம் 32,767 சாவிகளே அடங்கும். ஐந்தாவது மட்டம் 1,31,071 சாவிகளிலேயே தோன்றக்கூடும். ஆகவே 5 இலட்சம் பெயர்களுக்கு மரம் நான்கு அல்லது ஐந்து மட்டங்களாக இருக்கும். நடைமுறையில் ஐந்தையே எதிர்பார்க்கலாம். ஏனெனில், சாவிகள் ஒழுங்கின்றி வந்து சேரும்போது கணுக்கள் சராசரியாக 69 சதவீதம் அளவுக்கே நிரம்பியிருக்கும். 32 இல் அது ஏறத்தாழ 22. 22 ஐ நான்கு முறை பெருக்கினால் இரண்டரை இலட்சத்தைக்கூட எட்டாது. வேர் நினைவகத்தில் இருந்தாலும் ஒவ்வொரு தேடலுக்கும் நான்கு பக்கங்களைப் படிக்க வேண்டும். அடையாள இலக்கத்தில் தேடுவதைப் போல இது இரு மடங்கு.

எதிர்த் திசையிலும் போகலாம். 12 இலக்கங்களை எழுத்துகளாக வைக்காமல் 8 பைட் முழு எண்ணாக வைத்தால், மேலே 4094, கீழே 18; m = 227. ஓர்டர் 186 இலிருந்து 227 ஆக உயர்ந்தது நல்ல முன்னேற்றம் போலத் தோன்றும். ஆனால் 5 இலட்சம் பதிவுகளுக்கு முன்பும் மூன்று மட்டங்கள், இப்போதும் மூன்று மட்டங்கள். தேடலில் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. பதிவுகள் 20 இலட்சத்தை எட்டும்போதுதான் வேறுபாடு தெரியும்: 186 இல் நான்காவது மட்டம் வந்துவிடலாம், 227 இல் அது 29,63,087 சாவிகளுக்கு முன் வரவே முடியாது. ஓர்டரைப் பார்த்து மட்டும் மகிழ்வதோ கவலைப்படுவதோ பயனற்றது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நம் பதிவுகளின் எண்ணிக்கை எந்த மட்டத்தின் எல்லைக்கு அருகில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர்டருக்குப் பொருள் உண்டு. ஆனாலும் முழு எண்ணையே நான் பரிந்துரைப்பேன். இன்டெக்ஸ் கோப்பு சிறியதாகும், அதனால் அதன் பெரும்பகுதி நினைவகத்திலேயே தங்கும்.

பக்கத்தைப் பெரிதாக்கினால் என்ன என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பெயர் இன்டெக்ஸுக்குப் பக்கம் 8192 என்றால் m = 63; d = 32; ஐந்தாவது மட்டம் 20 இலட்சத்துக்கு முன் தோன்றாது, ஆகவே 5 இலட்சத்துக்கு நான்கு மட்டங்கள் உறுதி. ஒரு பக்கம் மிச்சம். அடையாள இலக்க இன்டெக்ஸுக்கோ அதே மாற்றத்தால் m = 372 ஆகும்; ஆனால் இரண்டு மட்டங்களில் 1,38,383 சாவிகளே அடங்குமாதலால் மரம் மூன்று மட்டங்களிலேயே இருக்கும். அங்கே பலன் எதுவும் இல்லை, செலவு மட்டும் உண்டு: ஒரே ஒரு சாவியைச் சேர்க்கும்போதும் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும், நினைவகத்தில் ஒவ்வொரு பக்கமும் இரு மடங்கு இடத்தைப் பிடிக்கும். பக்க அளவை மாற்றுவதானால் 4096 இன் மடங்குகளாகவே மாற்றுங்கள். 5000 போன்ற ஓர் அளவை வைத்தால், ஒரு கணுவின் தொடக்கம் ஒரு பக்கத்திலும் முடிவு அடுத்ததிலும் விழுந்து, நாம் தவிர்க்க முயன்ற இரட்டைப் படிப்பே மீண்டும் வந்து சேரும்.

தாளில் சரியாக வந்த கணக்கு நிரலில் பிழைத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. சீ மொழியில் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சாவியையும் பதிவின் முகவரியையும் ஒரே கட்டமைப்பாக இப்படி எழுதுவது இயல்பு.

```c
struct entry {
    uint8_t  key[12];
    uint32_t rec_page;
    uint16_t rec_slot;
};
```

12 + 4 + 2 = 18 என்று நாம் எண்ணுகிறோம். `sizeof(struct entry)` என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமான கணினிகளில் 20 என்று வரும். 4 பைட் எண் ஒன்று உள்ளே இருப்பதால், வரிசையாக அடுக்கும்போது ஒவ்வொரு உறுப்பும் 4 இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதற்காக, கம்பைலர் இறுதியில் 2 பைட்டுகளை வெறுமையாகச் சேர்த்துவிடுகிறது. ஒன்றுக்கு 2 பைட் சிறிதாகத் தோன்றினாலும், 185 இணைகளில் அது 370 பைட். கணு 744 + 3700 + 16 = 4460 பைட் ஆகி, பக்கத்தைத் தாண்டிவிடும். 4096 பைட்டுகளை மட்டும் கோப்பில் எழுதும் நிரலானால், கணு ஏறக்குறைய நிரம்பும் நாள் வரை எல்லாம் சரியாக ஓடி, அன்றைக்குக் கடைசிப் பகுதியை எழுதாமல் விட்டுவிடும். நூறு பதிவுகளை வைத்துச் சோதிக்கும்போது இது அகப்படாமல் போவது இதனால்தான். இந்த அமைப்பையே வைத்துக்கொள்வதானால் K + D என்பதை 20 ஆக எடுத்து மறுபடி கணக்கிட வேண்டும்: 4100 ஐ 24 ஆல் வகுக்க, m = 170.

அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு வகையையும் தனித்தனி வரிசையாக வைப்பது.

```c
#define M 186
struct node {
    uint8_t  header[16];
    uint8_t  key[M - 1][12];
    uint32_t rec_page[M - 1];
    uint32_t child[M];
    uint16_t rec_slot[M - 1];
};
_Static_assert(sizeof(struct node) <= 4096, "page overflow");
```

இதில் வெறுமை ஒரே ஒருமுறை, கணுவின் இறுதியில் 2 பைட்டாக மட்டும் சேர்கிறது; மொத்தம் 4092. சாவிகள் அடுத்தடுத்து இருப்பதால் கணுவுக்குள் நடக்கும் இருகூற்றுத் தேடலும் விரைவாகும். கடைசி வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு யாராவது சாவியை 12 இலிருந்து 16 ஆக்கினால், நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் செய்யும்போதே அது தடுத்து நிறுத்தும். இன்னொன்றும் உண்டு: நிரம்பிய கணுவில் புதிய சாவியை நுழைத்துவிட்டுப் பிறகு பிளக்கும் முறையில், ஒரு கணத்துக்கு 186 சாவிகளுக்கு இடம் வேண்டும். அந்த ஒரு கூடுதல் இடத்தைப் பக்கத்துக்குள் தேடாமல், நினைவகத்தில் ஒரு தற்காலிக வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

தரவுத்தளங்களில் பெரும்பாலும் பயன்படுவது பி-பிளஸ் மரம். அதில் பதிவின் முகவரி இலைகளில் மட்டுமே இருக்கும் என்பதால், இரண்டு வகைக் கணுக்களுக்கும் தனித்தனியாகக் கணக்குச் செய்ய வேண்டும். இடைக்கணுவில் D மறைந்துவிடுகிறது: 4092 ஐ 16 ஆல் வகுக்க, m = 255. இலையில் பிள்ளைச் சுட்டிகள் இல்லை. அடுத்த இலைக்குச் செல்லும் 4 பைட் சுட்டி ஒன்று மட்டும் உண்டு. ஆகவே 4096 − 16 − 4 = 4076 ஐ 18 ஆல் வகுக்க, ஓர் இலையில் 226 சாவிகள். அதே 12 பைட் சாவியில் இடைக்கணுவின் ஓர்டர் 186 இலிருந்து 255 ஆக உயர்ந்திருப்பதே இந்த மரத்தைத் தரவுத்தளங்கள் விரும்புவதற்கு ஒரு முக்கிய காரணம்.

இந்த முறையைக் கொண்டு, மற்றவர்கள் எழுதிய மென்பொருளையும் அளந்து பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில் `bigint` வகைச் சாவிக்கு இன்டெக்ஸ் உருவாக்கினால், 8192 பைட் பக்கத்தில் 24 பைட் தலைப்பகுதிக்கும் 16 பைட் பக்கத்தின் இறுதியிலுள்ள சிறப்புப் பகுதிக்கும் போகின்றன. ஒவ்வொரு சாவிக்கும் 8 பைட் சாவியோடு 8 பைட் முன்குறிப்பும், பக்கத்துக்குள் அதன் இடத்தைக் காட்டும் 4 பைட்டுமாக 20 பைட் ஆகிறது. 8152 ஐ 20 ஆல் வகுத்தால் 407. இன்டெக்ஸை முதலில் கட்டும்போது இலைகளை 90 சதவீதம் மட்டுமே நிரப்பி, பின்னால் வரும் சாவிகளுக்கு இடம் விடுவது அதன் வழக்கம் என்பதால், ஓர் இலையில் 366 அளவுக்குச் சாவிகள் இருக்கக் காண்பீர்கள்.

பெயர் போன்ற நீளம் மாறும் சாவிகளுக்கு, எல்லாவற்றுக்கும் 120 பைட் ஒதுக்குவது வீண் என்று உங்களுக்கு ஏற்கெனவே தோன்றியிருக்கும். உண்மையான தரவுத்தளங்கள் அப்படி ஒதுக்குவதில்லை. 30 பைட் பெயருக்கு அந்த 30 பைட்டும் சிறிது குறிப்பும் மட்டுமே செலவாகும். அப்போது m என்ற நிலையான எண் இல்லாமல் போகிறது. எத்தனை சாவிகள் என்று எண்ணாமல், பக்கத்தில் எத்தனை பைட் மிச்சம் என்று பார்த்தே கணு பிளக்கப்படுகிறது. திட்டமிடுவதற்கு, K-இன் இடத்தில் சாவியின் சராசரி நீளத்தை இட்டுப் பெறும் ஓர்டரை மதிப்பீடாகக் கொள்ளலாம். ஆனால் மிக நீண்ட சாவிக்கு ஓர் எல்லை இருந்தே தீரும், ஏனெனில் ஒரு பக்கத்தில் ஓரிரண்டு சாவிகளே அடங்குமானால் மரம் கிளைக்கவே முடியாது. எஸ்கியூலைட் ஓர் இன்டெக்ஸ் பக்கத்தில் குறைந்தது நான்கு சாவிகள் அடங்கும்படி பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பொருந்தாத நீண்ட சாவியின் மிச்சப் பகுதியை வேறொரு பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது, அந்தச் சாவியை முழுமையாக ஒப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒரு பக்கத்தில் மூன்று சாவிகளாவது அடங்க வேண்டும் என்று கேட்கிறது, அதை மீறும் சாவியை ஏற்க மறுக்கிறது. நோயாளியின் முழு முகவரியையோ மருத்துவரின் நீண்ட குறிப்பையோ அப்படியே இன்டெக்ஸ் செய்ய முயன்றவர்கள், திரையில் `exceeds btree version 4 maximum 2704` என்று வரும் செய்தியைக் கண்டிருப்பார்கள். 8192 பைட் பக்கத்திலிருந்து தலைப்பகுதி முதலியவற்றைக் கழித்து, மிச்சத்தை மூன்றாகப் பங்கிட்டதில் கிடைத்த எண்ணே அந்த 2704.